கையெழுத்து மார்க் ஷீட் போட்டோவிலிருந்து ரேங்க் லிஸ்ட்: தப்பு எங்கே நுழைகிறது, எப்படிப் பிடிப்பது

ஒரு வகுப்பின் மார்க் ஷீட்டை யாரோ போனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள், நாலு பாடம், பேனா எழுத்து, ஓரத்தில் நிழல். "வெயிட்டேஜ் போட்டு ரேங்க் லிஸ்ட் வேணும்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பார்க்க அரை மணி நேர வேலை மாதிரி இருக்கும். லிஸ்ட் வெளியே போன பிறகுதான் மூன்றாம் ரேங்க் வந்தவர் உண்மையில் ஏழாவது என்று தெரிய வரும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது, ஒரு 1 எனக்கு 7 ஆகத் தெரிந்ததுதான் காரணம்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் ஷீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் முதலில் ஷீட்டின் அமைப்பைப் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் பேசுகிறது.

எடுத்துக்காட்டுக்கு 32 மாணவர்கள், தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றும் 100க்கு, அறிவியல் மட்டும் 50க்கு. வெயிட்டேஜ் முறையே 20, 20, 35, 25. A-யில் எண், B-யில் பெயர், C முதல் F வரை நாலு பாடம். முதல் வரியில் தலைப்பு, இரண்டாவது வரியில் அந்தந்தப் பாடத்தின் முழு மார்க், மூன்றாவது வரியில் வெயிட்டேஜ். மாணவர்கள் 4-ஆம் வரியிலிருந்து 35 வரை. G-யில் தாளில் கையால் எழுதியிருக்கும் மொத்தத்தை அப்படியே தட்டுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், வெயிட்டேஜ் மொத்தம்தானே வேண்டும், இந்தப் பழைய மொத்தம் எதற்கு என்று. உங்களிடம் இருக்கும் ஒரே சோதனைக் கருவியே அதுதான், அதை எழுதியவர் உங்கள் கண்ணை நம்பிக் கூட்டவில்லை, தன் கையில் இருந்த விடைத்தாளை வைத்துக் கூட்டினார்.

```
H4: =SUM(C4:F4)
I4: =H4-G4
J4: =IF(COUNT(C4:F4)<4,"AB",ROUND(SUMPRODUCT(C4:F4/C$2:F$2,C$3:F$3),2))
K4: =IF(ISNUMBER(J4),RANK(J4,J$4:J$35),"-")
```

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இது வேலை செய்யும், நாலையும் 35-ஆம் வரி வரை கீழே இழுத்துவிடுங்கள். I நெடுவரிசை முழுக்க 0 ஆகும் வரை J, K பக்கம் திரும்பியே பார்க்காதீர்கள். பார்த்தால் ரேங்க் கண்ணில் பட்டுவிடும், பட்டுவிட்டால் அது சரிதான் என்று மனசு நம்ப ஆரம்பித்துவிடும்.

அறிகுறி: ஒரே ஒரு வரியில் மட்டும் I-யில் சின்ன எண் நிற்கிறது

ஒரு இலக்கத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். எதை என்பதை அந்த வித்தியாசமே பெரும்பாலும் சொல்லிவிடும். 6 என்றால் 1-ஐ 7 ஆகவோ, மேலே வால் நீண்ட 0-வை 6 ஆகவோ படித்திருப்பீர்கள். 5 என்றால் 3-க்கும் 8-க்கும் நடுவில் குழப்பம், அல்லது மேலே மூடாமல் எழுதிய 9 உங்களுக்கு 4 ஆகியிருக்கிறது. 1 என்றால் பெரும்பாலும் 5, 6. அதே குழப்பம் பத்தாம் இடத்தில் நடந்தால் 60, 50, 10 என்று வரும். வித்தியாசம் 9, 18, 27 என்று ஒன்பதின் மடங்காக இருந்தால் கை தட்டும்போது இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 64-ஐ 46 என்று அடித்தால் -18 வரும்.

எண் 5-க்கு I-யில் 6 வந்தது என்று வைத்துக்கொள்வோம். வரி 78, 64, 97, 38, தாளில் மொத்தம் 271, நம் கூட்டல் 277. அதிகமாக வந்திருப்பதால் சின்ன இலக்கத்தைப் பெரிதாகப் படித்திருக்கிறோம், வரியில் 7 இருக்கும் இடங்கள் இரண்டு. 78-ன் ஏழு பத்தாம் இடத்தில் இருக்கிறது, அது தப்பாக இருந்தால் 60 வந்திருக்கும். மிச்சம் 97. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது 91, ஒன்றுக்கு மேல் கொடி போட்டு எழுதும் பழக்கம். அதே ஆள் எழுதிய மற்ற 1-களையும் அப்போதே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள், கையெழுத்துப் பழக்கம் ஒரு இடத்தோடு நிற்காது.

எவ்வளவு பெரிதாக்கினாலும் நீங்கள் படித்தது சரியாகவே தெரிகிறது, வித்தியாசம் மட்டும் போகவில்லை என்றால், தாளில் கூட்டியவரே தவறியிருக்கலாம். சில சமயம் வித்தியாசம் சரியாக 10 ஆக இருக்கும், மீதி ஏற்றும்போது விட்டது. அப்போது நீங்களாக G-யைத் திருத்திச் சமாதானப்படாதீர்கள், அந்த வரியைச் சிவப்பாக்கி, ஷீட்டை எழுதியவரிடம் கேளுங்கள். எந்த எண் தப்பு என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அறிகுறி: ஒரு வரி வரைக்கும் எல்லாம் 0, அதற்குக் கீழே எல்லாமே தாறுமாறு

இது இலக்கப் பிரச்சினை இல்லை, ஒரு நெடுவரிசை மேலே ஏறிவிட்டது. பாடம் பாடமாக மேலிருந்து கீழே தட்டுகிறவர்களுக்கு வரும். எண் 12 ஆங்கிலத்துக்கு வரவில்லை, தாளில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அந்தக் கோட்டைக் கவனிக்காமல் 13-ன் மார்க்கை 12-ன் இடத்தில் தட்டியாயிற்று. அங்கிருந்து கடைசி வரை எல்லோருக்கும் அடுத்தவர் மார்க்.

எந்தப் பாடம் என்று கண்டுபிடிக்க 35-ஆம் வரியைப் பாருங்கள், எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதுதான் நழுவிய நெடுவரிசை. எண் 12 என்பது 15-ஆம் வரி, ஆகவே D15 முதல் D34 வரை நகல் எடுத்து D16-ல் ஒட்டி, பிறகு D15-ல் AB என்று தட்டுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள். வெட்டி ஒட்டினால் அந்தக் கட்டங்களைத் தனித்தனியாகக் குறிப்பிடும் சூத்திரம் ஏதாவது இருந்தால் அதுவும் கூடவே நகர்ந்துவிடும், அப்புறம் அதைத் தேடுவது வேறு வேலை. 12-க்கு நாலு பாட மொத்தம் தாளில் எப்படி எழுதியிருந்தாலும் மற்ற வரிகள் உடனே 0-க்கு வரும், வந்தால் சரி.

அறிகுறி: வித்தியாசம் சரியாக ஒரு பாடத்தின் மார்க் அளவு, அல்லது மொத்தம் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல்

மார்க் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் SUM அதைக் கூட்டவில்லை, கூடவே J-யில் தேர்வெழுதியவருக்கும் AB வருகிறது. அந்தக் கட்டத்தில் இருப்பது எண் இல்லை, எண் மாதிரி தெரியும் எழுத்து. வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போதும், படத்திலிருந்து அட்டவணை எடுக்கும் வசதியைப் பயன்படுத்தும்போதும் இது சகஜம்: பின்னால் ஒட்டிய ஒரு இடைவெளி, பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில O, முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள். 72½ என்று தாளில் இருப்பதை அப்படியே அடித்தாலும் எழுத்தாகத்தான் நிற்கும், 72.5 என்று தட்டுங்கள். சாதாரணமாக எண் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும், நடுவில் வைக்கும் அமைப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் குற்றவாளி தனியாக நிற்பார். அழித்துவிட்டு மறுபடி தட்டுவதுதான் வேகமான வழி.

நாற்பத்தைந்தாயிரக் கதை வேறு. தாளில் 8/10 என்று எழுதியிருப்பதை அப்படியே தட்டினால் ஷீட் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும், தேதிக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசை எண் இருக்கிறது, SUM அதைக் கூட்டிவிடும். வகுத்தல் கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் தட்டுங்கள், கீழே இருப்பது இரண்டாவது வரிக்குரியது. கட்டம் ஒருமுறை தேதியாகிவிட்டால் 8 என்று திருத்தினாலும் ஏதோ தேதியாகத்தான் காட்டும், அமைப்பை எண்ணுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: I எல்லாம் 0, ஆனாலும் யாரோ ஒருவரின் ரேங்க் நம்ப முடியவில்லை

எனக்குப் பயமான அறிகுறி இதுதான், சோதனை தேர்ச்சி பெற்றுவிட்டதே என்று விட்டுவிடத் தோன்றும். இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, பாடங்கள் இடம் மாறியிருப்பது. வெறும் மொத்தத்துக்கு இடம் மாறினாலும் கவலையில்லை, வெயிட்டேஜுக்கு உண்டு. எண் 5-ன் ஆங்கிலம் 64, கணிதம் 91. இரண்டையும் மாற்றித் தட்டினாலும் மொத்தம் அதே 271, I-யில் 0. ஆனால் வெயிட்டேஜ் மொத்தம் 79.25-லிருந்து 75.20-க்கு இறங்கிவிடும். நான் எப்போதும் தாளில் பாடங்கள் இருக்கும் வரிசையிலேயே என் நெடுவரிசைகளையும் வைத்துக்கொள்கிறேன், "நம்ம வழக்கமான வரிசை" என்று மாற்றி வைத்தால் இருபதாவது வரியில் கை பழக்கத்துக்குப் போய்விடும். 50க்கான பாடம் ஒன்று இருப்பது இங்கே ஒரு வசதி: முழு மார்க்கைத் தாண்டிய கட்டம் சிவப்பாக வேண்டும் என்று C4 முதல் F35 வரை ஒரு விதி போட்டுவையுங்கள், அறிவியலுக்குள் கணித மார்க் நுழைந்தால் பெரும்பாலும் மாட்டும். புள்ளி விட்டுப்போய் 72.5 என்பது 725 ஆனதும் இதே விதியில் மாட்டும்.

```
=AND(ISNUMBER(C4),C4>C$2)
```

இரண்டாவது காரணம் போட்டோவே. சாய்வாக எடுத்த படத்தில் இடது ஓரத்தில் 13-ஆம் வரியில் ஆரம்பிக்கும் கண், வலது ஓரத்துக்குப் போவதற்குள் 14-ல் இறங்கிவிடும். மார்க்குகளும் மொத்தமும் சேர்ந்தே நழுவினால் கூட்டல் ஒத்துப்போகும், பெயர் மட்டும் வேறு ஆளுடையது. இதை I காட்டவே காட்டாது. வராதவர்களை வைத்துப் பிடியுங்கள்: தாளில் கோடு போட்டிருக்கும் ஆட்களின் பெயரும் உங்கள் ஷீட்டில் AB இருக்கும் பெயரும் ஒன்றா, கடைசி மாணவரின் மார்க் கடைசிப் பெயரோடுதான் இருக்கிறதா என்று பாருங்கள். தாள் இன்னும் யார் கையிலாவது இருந்தால், வலது ஓரத்திலும் எண்களை எழுதச் சொல்லி, நேர் மேலிருந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பெரிய தாளாக இருந்தால் இரண்டு பாதியாக எடுக்கலாம், ஆனால் எண் நெடுவரிசை இரண்டு படத்திலும் இருக்க வேண்டும். படம் மட்டும்தான் உங்களிடம் என்றால் அதை நேராகச் சுழற்றி, ஐந்து வரிக்கு ஒரு கோடு படத்தின் மேலேயே இழுத்துக்கொள்ளுங்கள். கண் அதற்குள் நிற்கும்.

அறிகுறி: எல்லாவற்றிலும் முழு மார்க் போட்டால் 100 வரவில்லை

இந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டும். லிஸ்டுக்குக் கீழே, ரேங்க் எல்லைக்கு வெளியே, ஒரு கற்பனை மாணவருக்கு 100, 100, 100, 50 போட்டு J சூத்திரத்தை அங்கே இழுத்துப் பாருங்கள். 100 வர வேண்டும்.

87.5 வந்தால், அறிவியல் 50க்கு என்பதைச் சூத்திரம் மறந்துவிட்டது. மார்க்கை நேராக வெயிட்டேஜால் பெருக்கி 100-ஆல் வகுத்திருப்பீர்கள். மார்க்கை முழு மார்க்கால் வகுத்த பிறகுதான் வெயிட்டேஜால் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறிவியலின் 25 பாதியாகிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே குறைகிறது, ரேங்க் மாறாதே என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். மாறும். எண் 5, 11, 19 மூவரையும் பாருங்கள்:

எண் 5: 78, 64, 91, 38
எண் 11: 82, 75, 73, 41
எண் 19: 70, 66, 88, 47

மூவருக்கும் வெறும் மொத்தம் 271. சரியாகக் கணக்கிட்டால் 19-க்கு 81.50, 5-க்கு 79.25, 11-க்கு 77.45. முழு மார்க்கை மறந்த சூத்திரத்தில் 19-க்கும் 5-க்கும் 69.75, சமம், 11-க்கு 67.20. அறிவியலில் 47 வாங்கியவரின் முன்னிலை காணாமல் போய்விட்டது.

100-க்குப் பதிலாக 1 வந்தால் வெயிட்டேஜை 20% என்று தட்டியிருக்கிறீர்கள், அது உள்ளே 0.2. தசமப் புள்ளியை நகர்த்தினால் போச்சு என்று தோன்றும், ஆனால் நம் சூத்திரம் இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்துகிறது, 79.25-ம் 78.60-ம் இரண்டுமே 0.79 ஆகிவிடும், லிஸ்ட் முழுக்கச் சமநிலைகள் கொட்டும். மூன்றாவது வரியை வெறும் 20, 20, 35, 25 ஆக மாற்றுங்கள். 95, 105 மாதிரி வந்தால் வெயிட்டேஜ்களின் கூட்டல் 100 இல்லை, அவ்வளவுதான்.

அறிகுறி: வராதவர் முன்னால் நிற்கிறார்

காலிக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொள்வது ஷீட்டின் இயல்பு, அதனால்தான் J-யில் COUNT வைத்திருக்கிறேன், நாலு எண் இல்லாதவருக்கு மொத்தமே கிடையாது. அது பிடிக்காமல், எழுதிய பாடங்களை மட்டும் வைத்து 100-க்கு நீட்டிக் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். எண் 11 கணிதத்துக்கு வரவில்லை என்று வைத்துப் பாருங்கள். மற்ற மூன்றிலும் அவருக்கு 51.9, அதன் வெயிட்டேஜ் 65, நீட்டினால் 79.85. கணிதம் எழுதி 73 வாங்கியபோது 77.45-ல் இருந்தவர், எழுதாமலேயே எண் 5-ஐத் தாண்டிவிட்டார். கடினமான பாடத்தை விட்டவருக்குப் பரிசு கொடுக்கும் கணக்கு இது, நான் செய்ய மாட்டேன். 0 போடுவதா, ரேங்கே கொடுக்காமல் விடுவதா என்பதை லிஸ்ட் கேட்டவர் சொல்லட்டும், எழுத்தில் சொல்லட்டும்.

அறிகுறி: கடைசி மாணவர் முதல் ரேங்க், அல்லது சம மார்க்குக்கு வேறு வேறு ரேங்க்

கீழே போகப் போக எல்லோருக்கும் நல்ல ரேங்க் வந்து, 35-ஆம் வரிக்காரர் 1 ஆனால், RANK-ல் டாலர் குறி விட்டுப்போயிற்று. இழுக்க இழுக்க எல்லை கீழே சறுக்கி, கடைசி ஆள் தன்னோடு மட்டும் போட்டியிடுகிறார். J$4:J$35 என்று கட்டிப்போடுங்கள்.

இருவருக்கும் திரையில் 79.25, ஆனால் ஒருவர் 4, மற்றவர் 5 என்றால் ROUND இல்லாத சூத்திரத்தில் இருக்கிறீர்கள். திரையில் இரண்டு தசமம் காட்டச் சொல்வது வேறு, உள்ளே முழுமைப்படுத்துவது வேறு. தசம எண்களைக் கணினி உள்ளே வைக்கும் விதத்தில் பதினைந்தாவது இலக்கத்தருகே வரும் தூசிகூட RANK கண்ணில் படலாம். நம் எடுத்துக்காட்டில் அரை மார்க் இல்லாதவரை இரண்டு தசமத்துக்கு மேல் எதுவும் வராது, முழுமைப்படுத்தினால் எதுவும் இழக்கவில்லை. ஒரு பாடம் 75க்கு என்றால் தசமம் முடிவில்லாமல் போகும், எத்தனை தசமம் என்பதை லிஸ்ட் போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சமநிலையில் RANK 1, 2, 2, 4 என்று போடும். 1, 2, 2, 3 வேண்டுமென்று கேட்டால்:

```
=IF(ISNUMBER(J4),SUMPRODUCT(ISNUMBER(J$4:J$35)*(J$4:J$35>J4)/COUNTIF(J$4:J$35,J$4:J$35))+1,"-")
```

இதில் ISNUMBER பெருக்கலை வெட்டிவிடாதீர்கள். எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது ஷீட்டின் கணக்கு, அதனால் AB எல்லோருக்கும் மேலே போய் உட்கார்ந்து, லிஸ்ட் 2-ல் தொடங்கும். சமநிலையைக் கணித மார்க் வைத்து உடைக்கச் சொன்னால்:

```
=IF(ISNUMBER(J4),COUNTIF(J$4:J$35,">"&J4)+COUNTIFS(J$4:J$35,J4,E$4:E$35,">"&E4)+1,"-")
```

அறிகுறி: வரிசைப்படுத்தியதும் பெயர்கள் குழம்பிவிட்டன

K-யை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருப்பீர்கள், அல்லது B-க்கும் C-க்கும் நடுவில் ஒரு காலி நெடுவரிசை இருந்து, ஷீட் பாதி அட்டவணையை மட்டும் நகர்த்தியிருக்கும். உடனே Ctrl+Z கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். நான் மூல ஷீட்டை வரிசைப்படுத்துவதே இல்லை. A, B, J, K நான்கையும் மதிப்புகளாக மட்டும் இன்னொரு ஷீட்டில் ஒட்டி, அங்கே நான்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து K-யின்படி வரிசைப்படுத்துகிறேன். பிறகு முதல் மூன்று பேர், நடுவில் ஒருவர், AB ஒருவர் என்று ஐந்து பேரை எடுத்து, ஷீட்டைப் பார்க்காமல் நேராகப் போட்டோவிலிருந்து அவர்கள் மார்க்கைப் படித்து, கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பேன். அது ஒத்துவந்தால் லிஸ்டை அனுப்பிவிடுவேன், கூடவே சிவப்பாக்கிய வரிகளின் பட்டியலையும்.